உடம்பு அளவா, சட்டை அளவா: ஊர் டெய்லருக்கு ஒரு கடிதம்

"புனேயில் வேலை. ஆபீசுக்கு அஞ்சு ஃபார்மல் சட்டை, ஊரில் எப்பவும் தைக்கிற டெய்லரிடமே தைக்கணும். துணி எடுத்தாச்சு. நேரில் போய் அளவு கொடுக்க லீவு இல்லை. அவரிடம் இருக்கிற அளவு பத்து வருஷம் பழசு, இப்போ கொஞ்சம் தொப்பை வேற. அளவை எழுதிக் கடிதமா அனுப்பினா சரியா வருமா? என்னென்ன எழுதணும்?"

வரும். நானும் நாக்பூரில் இருந்துகொண்டு எட்டு வருஷமாகக் காரைக்குடிப் பக்கத்து மாஸ்டர் ஒருவரிடம்தான் சட்டை தைத்து வாங்குகிறேன். ஆனால் நான் முதல் தடவை அனுப்பிய அளவுக்கு வந்த சட்டைக்குள் என்னோடு என் தம்பியும் சேர்ந்து நுழைந்திருக்கலாம்.

நடந்தது இதுதான். எனக்கு நன்றாகப் பொருந்துகிற சட்டை ஒன்றைக் கட்டிலில் விரித்து டேப் வைத்தேன். மார்புச் சுற்று 45 அங்குலம் வந்தது. தாளில் "மார்பு 45" என்று எழுதி, துணியோடு பார்சல் போட்டேன். மாஸ்டர் அதை உடம்பு அளவு என்று எடுத்துக்கொண்டார். அவர் எடுத்தது சரிதான்; அளவு என்றால் உடம்பில் டேப் சுற்றி எடுப்பதுதான் அவர் கடையில் வழக்கம். அதன்மேல் லூசுக்கு ஐந்தரை அங்குலம் கூட்டி 50½ வெட்டிவிட்டார். போன் செய்து கேட்டால், "எழுதினதைத்தானே தம்பி வெட்டினேன்" என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் இல்லை. என் அப்பாவே கட்டிங் மாஸ்டர். பள்ளிக்கூட விடுமுறை முழுக்க அவர் கடை ஸ்டூலில் உட்கார்ந்து காஜா எடுத்தவன் நான். எனக்கே இது தோன்றவில்லை.

அதனால் கடிதத்தில் வேறு எது விட்டுப்போனாலும் இது விடக்கூடாது: ஒவ்வொரு எண்ணும் உடம்பு அளவா, தைத்து முடித்த சட்டையின் அளவா என்று தெரிய வேண்டும். நான் இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிடுகிறேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்களுக்குப் பிடித்த லூஸ். உங்களைப் பார்க்காமலே மாஸ்டருக்கு அது தெரிந்துவிடும். இன்னொரு லாபமும் உண்டு. நீங்கள் எங்கேயாவது தப்பாக அளந்திருந்தால் அந்த வித்தியாசம் காட்டிக்கொடுத்துவிடும். கழுத்து 15¼, காலர் 17 என்று வந்தால் வெட்டுவதற்கு முன்னால் எந்த மாஸ்டரும் ஒரு போன் போடுவார்.

லூஸ் எவ்வளவு என்று கேட்டால், மார்பு நாற்பது அங்குலத்தை ஒட்டி உள்ளவருக்கு நாலு அங்குலம் கூட்டினால் உடம்பை ஒட்டிய ஸ்லிம் சட்டை. ஐந்து, ஐந்தரை, ஆறு என்றால் ஆபீஸில் நாள் முழுக்க உட்கார வசதி. எட்டுக்குப் போனால் பேண்டுக்குள் விடும்போது இடுப்பில் துணி மூட்டையாக நிற்கும். தொப்பை விழுந்தவர்கள் எட்டு கேட்பதைப் பார்த்திருக்கிறேன். அது தொப்பையை மறைக்காது, ஆளைத்தான் இன்னும் பருமனாகக் காட்டும்.

இனி அளப்பது. டேப்பை முதலில் ஒரு இரும்பு ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். வீட்டில் கிடக்கிற பழைய டேப் நீண்டுபோயிருக்கலாம், முனைத் தகடு கழன்றிருக்கலாம். உடம்பு அளவை நீங்களே எடுக்காதீர்கள். குனிந்து பார்த்தாலே எண் மாறிவிடும். பனியனோடு நின்று, மூச்சை இழுக்காமல், வேறொருவரை விட்டு இரண்டு தடவை எடுக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் மூன்றாவது தடவை. வயிற்றை மட்டும் நின்றும் அளக்க வேண்டும், நாற்காலியில் உட்கார்ந்தும் அளக்க வேண்டும். எனக்கு நின்றால் 38, உட்கார்ந்தால் 39½. ஆபீஸில் பெரும்பாலும் உட்கார்ந்துதான் இருக்கிறோம், பட்டன் பிளந்துகொண்டு பனியன் தெரிவதும் அப்போதுதான்.

சட்டை அளவுக்கு, இருப்பதிலேயே பொருத்தமான, ஏற்கெனவே பல தடவை துவைத்த சட்டையை எடுங்கள். எல்லாப் பட்டனையும் போட்டு, மேஜையில் சுருக்கம் இல்லாமல் விரியுங்கள், ஆனால் இழுக்காதீர்கள். மார்புக்கு, அக்குள் தையலுக்கு ஒரு அங்குலம் கீழே இந்தப் பக்கத் தையலிலிருந்து அந்தப் பக்கத் தையல் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். காலருக்கு, பட்டனைக் கழற்றி நேராக விரித்து, பட்டனின் நடுவிலிருந்து காஜாவில் பட்டன் வந்து நிற்கிற முனை வரை. காலரின் மொத்த நீளத்தை அளந்து எழுதுபவர்கள் உண்டு. அவர்களுக்குக் கழுத்தில் ஒன்றரை அங்குலம் தொங்கும். உயரம் என்பது பின்பக்கம், காலர் சேருகிற தையலிலிருந்து கீழ் மடிப்பு வரை. அந்தச் சட்டையையே அளவுச் சட்டையாக அனுப்பிவிட்டால் இன்னும் நல்லது. அனுப்பினாலும் எண்களை எழுதத்தான் வேண்டும். ஏனென்றால் அந்தச் சட்டையில் எது பிடிக்கும், எது பிடிக்காது என்று சட்டை சொல்லாது.

தோளையும் கையையும் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. தோள் எங்கே முடிகிறது என்பதில் ஆளுக்கு ஆள் அரை அங்குலம் வித்தியாசம் வரும். தோள் 18, கை 24½ என்று நீங்கள் எழுதி, மாஸ்டர் தோளை 17½ ஆக வெட்டிவிட்டால் கஃப் கால் அங்குலம் மேலே ஏறிவிடும். அதனால் பின்கழுத்து நடுவிலிருந்து தோள் வழியாகக் கைமுனை வரை மொத்த அளவையும் கொடுங்கள். பாதித் தோள் 9, கை 24½, கூட்டினால் 33½. தோளில் கூடக் குறைய ஆனால் கையில் ஈடுகட்டி, மொத்தம் 33½ வரும்படி பார்த்துக்கொள்வார்.

டேப்பில் அகப்படாத விஷயங்கள்தான் கடிதத்தின் மிச்சப் பாதி. கடைக்குப் போனால் மாஸ்டர் நம்மைச் சுற்றி வந்து பார்ப்பார். அப்பா அளவு எடுக்கும்போது நோட்டில் எண்களுக்குப் பக்கத்தில் "வ.தோ. இறக்கம்", "முன் சாய்வு" என்று சின்னதாகக் குறித்துக்கொள்வார், வந்தவரிடம் சொல்ல மாட்டார். கடிதம் எழுதும்போது அந்தக் குறிப்பை நாமே எழுத வேண்டியிருக்கிறது. ஒரு தோள் தாழ்ந்திருக்கிறதா என்று பார்க்க, சுவர் ஓரமாக வெறுங்காலில் நின்று, தோள் எலும்பு முனையிலிருந்து தரை வரை இரண்டு பக்கமும் அளக்கச் சொல்லுங்கள். எனக்கு வலது பக்கம் அரை அங்குலம் குறைவு. இது தெரியாமல் தைத்த சட்டைகளில் எல்லாம் கழுத்திலிருந்து வலது அக்குளை நோக்கிக் குறுக்கே ஒரு மடிப்பு ஓடும். இஸ்திரி சரியில்லை என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

தொப்பையைப் பற்றி வெட்கப்படாமல் எழுதுங்கள். எல்லோரும் "வயிறு 38" என்று சுற்றளவை மட்டும் எழுதிவிடுகிறார்கள். மாஸ்டர் அதை முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் சமமாகப் பிரித்து வெட்டுகிறார். ஆனால் வயிறு முன்னால்தானே இருக்கிறது! முன்பக்கம் துணி போதாமல் பட்டன் இழுக்கும். பின்பக்கம் வேண்டாத துணி இடுப்புக்கு மேலே பொதியாக நிற்கும். பக்கத் தையல் நேராக இறங்காமல் முன்னால் வளைந்து வரும். வயிற்றின் மேல் ஏறி இறங்க நீளமும் வேண்டும் என்பதால் முன்பக்கத்துக் கீழ் ஓரம் தூக்கிக்கொள்ளும். "டைட்டா இருக்கு" என்று சொன்னால் பக்கத் தையலைப் பிரித்து இரண்டு பக்கமும் விடுவார்கள். பின்னால் பொதி இன்னும் பெரிதாகும். முன்பக்கத்துக்கு மட்டும் அகலமும் கொஞ்சம் நீளமும் கூட்டச் சொல்வதுதான் வழி.

நான் இரண்டாவது தடவை அனுப்பிய கடிதத்தின் நகல் இருக்கிறது. அப்படியே தருகிறேன். எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

அன்புள்ள மாஸ்டர் அவர்களுக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல். போன சட்டையில் நடந்த குழப்பம் என்னால்தான். இந்த முறை உடம்பு அளவையும் சட்டை அளவையும் தனித்தனியாக எழுதியிருக்கிறேன். எல்லாம் அங்குலத்தில். "சட்டை" என்று போட்டிருப்பது துவைத்து முடித்த பிறகு எனக்கு நிற்க வேண்டிய அளவு. அதன்மேல் லூஸ் எதுவும் கூட்ட வேண்டாம்.

பார்சலில் 5 துணிகள், எல்லாம் 58 அங்குல அகலம், ஒவ்வொன்றும் 1.80 மீட்டர். இரண்டு வெள்ளை, ஒரு இளநீலம், ஒரு சாம்பல், ஒன்று நீலக் கோடு போட்டது. ஐந்தும் முழுக்கை. ஒரு அளவுச் சட்டையும் வைத்திருக்கிறேன். அதன் காலரும் உயரமும் எனக்குச் சரி. தோளும் கையும் சரியில்லை, அவற்றை அதிலிருந்து எடுக்க வேண்டாம்.

என் உயரம் 5 அடி 7 அங்குலம், எடை 76 கிலோ.

கழுத்து: உடம்பு 15¼, சட்டை 15¾ (பதினைந்தே முக்கால்).
மார்பு: உடம்பு 39½, சட்டை 45.
வயிறு, தொப்புள் மேல்: உடம்பு நின்றால் 38, உட்கார்ந்தால் 39½, சட்டை 43.
சீட்: உடம்பு 39½, சட்டை 44.
தோள், எலும்பு முனைக்கு முனை: உடம்பு 17½, சட்டை 18.
கை, தோள் தையலிலிருந்து கஃப் ஓரம் வரை: சட்டை 24½ (இருபத்து நாலரை). பின்கழுத்து நடுவிலிருந்து கஃப் ஓரம் வரை மொத்தம் 33½ வர வேண்டும்.
மேல்கைச் சுற்று: உடம்பு 13, சட்டை 16.
ஆர்ம்ஹோல், தையல் ஓரமாகச் சுற்று: சட்டை 20. இதைக் கூட்ட வேண்டாம்.
மணிக்கட்டு: உடம்பு 6¾. கஃப் பட்டன் போட்ட பிறகு வலது 9, இடது 9½. இடது கையில் வாட்ச் கட்டுவேன்.
உயரம், பின்காலர் தையலிலிருந்து: சட்டை 30½.

என் உடம்பைப் பற்றி: வலது தோள் இடதைவிட அரை அங்குலம் இறக்கம். வலது பக்கத் தோள் சரிவை அரை அங்குலம் இறக்கி, அந்த ஆர்ம்ஹோலையும் அதே அளவு கீழே இறக்க வேண்டும் என்று நினைக்கிறேன். உங்களுக்கு வேறு வழி தோன்றினால் அப்படியே செய்யுங்கள். முதுகு மேல்பக்கம் லேசாகக் கூன். வயிறு முன்னால் தள்ளியிருக்கிறது, பக்கவாட்டில் சதை இல்லை. அதனால் வயிற்றளவு 43ஐ முன்பக்கம் 22½, பின்பக்கம் 20½ என்று பிரித்துக்கொள்ளுங்கள். முன்பக்க உயரம் வயிற்றின் மேல் ஏறி இறங்க அரை அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று நின்று எடுத்த மூன்று போட்டோ உங்கள் மகன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன்.

சட்டை எப்படி வேண்டும் என்றால்: எப்போதும் பேண்டுக்குள் விட்டுத்தான் போடுவேன். கீழ் ஓரம் வளைவாக இருக்கட்டும், மடிப்பு மெல்லியதாகப் போதும். பின்னால் யோக்குக்குக் கீழே இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு மடிப்பு; நடுவில் மடிப்பு வேண்டாம். இடுப்பில் டார்ட் எதுவும் வேண்டாம். காலர் சாதாரண ஃபார்மல் காலர், முனை 2¾ நீளம். கழுத்து குட்டை என்பதால் காலர் பட்டி பின்னால் 1¼க்கு மேல் உயரம் வேண்டாம். மாதம் இரண்டு நாள் டை கட்டுவேன், மேல் பட்டன் மூச்சு முட்டாமல் போட வர வேண்டும். கேன்வாஸ் நடுத்தரம், அட்டை மாதிரி விறைப்பாக வேண்டாம். கஃப் 2½ உயரம், ஒரே பட்டன், ஓரம் வளைவு. பாக்கெட் இடது பக்கம் ஒன்று, பட்டனோ மூடியோ இல்லாமல். முன் பட்டன்களில் ஒன்று மார்பின் எடுப்பான இடத்திலும், ஒன்று வயிற்றின் எடுப்பான இடத்திலும் விழும்படி இடைவெளியைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கோடு போட்ட துணியில் முன்பட்டிக்கும் பாக்கெட்டுக்கும் கோடு சேர வேண்டும். துணி போதாவிட்டால் பாக்கெட்டை விட்டுவிடுங்கள், கோடு சேராமல் வைக்க வேண்டாம்.

ஐந்து துணியையும் வெட்டுவதற்கு முன் தண்ணீரில் நனைத்துக் காயவைக்கச் சொல்லுங்கள். முதலில் ஒரு வெள்ளையை மட்டும் தைத்து அனுப்புங்கள். நான் போட்டு, மூன்று தடவை துவைத்துப் பார்த்து எழுதுகிறேன். அதன் பிறகு மற்ற நாலும். அவசரம் ஒன்றும் இல்லை. முதல் சட்டையின் கூலியும் கொரியர் செலவும் இன்றே அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்…

இதில் சில வரிகளுக்கு விளக்கம் வேண்டியிருக்கும். ஆர்ம்ஹோலைக் கூட்ட வேண்டாம் என்று எழுதியிருப்பதைப் பார்த்து, பெரிதாக இருந்தால் வசதிதானே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்பா ஒரு நாள் கடையில் இரண்டு சட்டைகளைக் கொடுத்து மாறி மாறிப் போடச் சொல்லி, பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோலக் கையைத் தூக்கச் சொன்னார். ஆர்ம்ஹோல் தாழ இருந்த சட்டை அப்படியே இடுப்பிலிருந்து பிடுங்கிக்கொண்டு மேலே வந்தது. மேலே அக்குளுக்குக் கிட்டே வெட்டியிருந்த சட்டையில் கை மட்டும் தூக்கிக்கொண்டது, சட்டை இருந்த இடத்தில் இருந்தது. காரணம் எளிது. அக்குளுக்குக் கீழே மூன்று அங்குலம் இறங்கித் தையல் இருந்தால், கையைத் தூக்கும்போது கைத்துணி பக்கத் துணியையும் சேர்த்து இழுக்கிறது. கை இறுக்கமாக இருக்கிறது என்று தோன்றினால் கூட்ட வேண்டியது மேல்கைச் சுற்றைத்தான். அதற்காக ஆர்ம்ஹோலை அக்குளில் உரசும் அளவுக்கும் ஏற்றிவிடக் கூடாது. கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது அக்குளுக்குக் கீழே இரண்டு விரல் தாராளமாகப் போனால் சரி.

துணியை நனைப்பது அடுத்தது. நல்ல மில் துணி என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். நம்புங்கள், ஆனால் சோதித்துவிடுங்கள். துணியின் ஒரு மூலையில் நீளவாக்கில் 20 அங்குலத்துக்குப் பென்சில் குறி போட்டு, நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டு மறுபடி அளங்கள். 19½ வந்தால் நூற்றுக்கு இரண்டரை சுருங்குகிறது. 30½ உயரச் சட்டையில் அது முக்கால் அங்குலம். ஒரு தடவை குனிந்து நிமிர்ந்தால் சட்டை பேண்டிலிருந்து வெளியே வந்துவிடும் அளவு. காலர்தான் இன்னும் மோசம். வெளியே துணி சுருங்குகிறது, உள்ளே ஒட்டிய கேன்வாஸ் அந்த அளவுக்குச் சுருங்குவதில்லை. அதனால் காலரில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும், எத்தனை இஸ்திரி போட்டாலும் படியாது. கொப்புளம் வந்த காலரைப் பிரித்து மாற்றுவதற்குள் புதுச் சட்டை தைத்துவிடலாம் என்பார் அப்பா. கேன்வாஸை அவசரத்தில் போதிய சூடு இல்லாமல் ஒட்டினாலும் இதேதான் நடக்கும். பருத்திக்கும் லினனுக்கும்தான் இந்தக் கவலை அதிகம். பாலியஸ்டர் நிறையக் கலந்த துணியில் ரொம்பக் குறைவு.

துணி நீளம் பற்றி: 58 அங்குல அகலத்தில் முழுக்கைச் சட்டைக்கு 1.60 மீட்டர் என்று கடையில் வெட்டிக் கொடுப்பார்கள். சாதாரண உடம்புக்கு அது சரி. தொப்பைக்கு முன்பக்கம் கூட்ட வேண்டும், கோடு சேர்க்க வேண்டும், நனைத்தால் கொஞ்சம் போகும் என்றால் 1.80 இருக்கட்டும். நீங்கள் ஏற்கெனவே 1.60 எடுத்திருந்தால் கடிதத்தில் அதைச் சொல்லிவிடுங்கள், வெட்டும்போது பார்த்துக்கொள்வார். 36 அங்குல அகலக் கைத்தறி என்றால் கணக்கே வேறு, இரண்டரை மீட்டர் வேண்டும்.

முதல் சட்டை வந்ததும் கண்ணாடி முன்னால் நின்று "நல்லாத்தான் இருக்கு" என்று மடித்து வைத்துவிடாதீர்கள். மூன்று தடவை துவைத்து, பேண்டுக்குள் விட்டு, ஒரு முழு நாள் ஆபீஸுக்குப் போட்டுப் போங்கள். மேல் பட்டனைப் போட்டுக் காலருக்குள் இரண்டு விரல் விட்டுப் பாருங்கள். இடிக்காமல் போக வேண்டும், மூன்றாவது விரலுக்கு இடம் இருக்கக் கூடாது. உட்கார்ந்து வயிற்றுப் பட்டன்களைப் பாருங்கள். அப்புறம் யாரையாவது விட்டு முன்னும் பின்னும் போட்டோ எடுத்து, சுருக்கங்கள் எங்கிருந்து எங்கே ஓடுகின்றன என்று கவனியுங்கள். சுருக்கம் ஒரு புள்ளியை நோக்கி விசிறிபோல இழுபட்டால் அங்கே துணி போதவில்லை. குறுக்கே அலையலையாகத் தொய்ந்து நின்றால் அங்கே துணி அதிகம். பின்காலருக்குக் கீழே, யோக்கின் மேல், குறுக்கே ஒரு பொதி நின்றால் உங்கள் தோள் சரிவு சட்டையின் தோள் சரிவைவிடக் குறைவு என்று அர்த்தம். இவற்றை மாஸ்டரிடம் சொல்லும்போது "தோள் சரியில்லை" என்று சொல்லாமல், சுருக்கம் ஓடும் இடத்தைச் சொல்லி போட்டோவையும் அனுப்புங்கள். எதைத் திருத்துவது என்று அவருக்குத் தெரியும்.

திருத்தம் எழுதும்போது அளவு முழுவதையும் மறுபடி எழுத வேண்டாம். மாற வேண்டியதை மட்டும், எவ்வளவு கூட்ட, எவ்வளவு குறைக்க என்று எழுதுங்கள். புதிதாக ஒரு முழுப் பட்டியல் போனால் முந்தினது செல்லுமா, இது செல்லுமா என்று அடுத்த குழப்பம் தொடங்கும். நான் எழுதியது இவ்வளவுதான்:

மாஸ்டர், சட்டை வந்தது. காலர், மார்பு, வயிறு, கை எல்லாம் அப்படியே இருக்கட்டும். மூன்று துவைப்புக்குப் பிறகு உயரம் 30¼ நிற்கிறது. மற்ற நாலையும் கால் அங்குலம் கூட்டி வெட்டுங்கள். வலது அக்குள் பக்கம் இன்னும் ஒரு மெல்லிய மடிப்பு ஓடுகிறது, போட்டோ அனுப்பியிருக்கிறேன். வலது தோளை இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டுமா என்று பாருங்கள். இடது கஃப் வாட்ச் மேல் ஏறி நிற்காமல் இறங்குகிறது, நன்றி.

மற்ற நாலும் ஒரு மாதத்தில் வந்தன. வலது பக்க மடிப்பு போய்விட்டது. மாஸ்டர் இன்னும் கால் அங்குலம் இறக்கியிருந்தார்.

உங்கள் விஷயத்தில் ஒன்று பாக்கி. அந்தப் பத்து வருஷப் பழைய அளவு மாஸ்டர் நோட்டில் உங்கள் பேருக்கு நேரே இன்னும் இருக்கும். கடிதத்தின் முதல் பத்தியிலேயே அதை அடித்துவிடச் சொல்லுங்கள். பல கடைகளில் கடிதத்தைப் படிப்பவர் ஒருவர், வெட்டுபவர் இன்னொருவர். வெட்டுபவர் நோட்டைத்தான் புரட்டுவார். ஐந்தும் முடிந்த பிறகு, திருத்தம் எல்லாம் சேர்த்துப் புதிதாக எழுதிய பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை வயிறு ஒன்றைத்தான் மறுபடி அளக்க வேண்டியிருக்கும்.